நோட்டு முதலில், போன் பிறகு: ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

“டீச்சர், எங்க பொண்ணு வீட்டுக்கணக்கைப் போன்ல போட்டோ எடுத்து அனுப்புறா. அடுத்த நிமிஷம் விடை வந்துடுது. அதை அப்படியே நோட்டுல எழுதிடுறா. கேட்டா ‘எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க’ங்கிறா. இந்த வருஷம் ஸ்கூல்ல இதை விடுவீங்களா, தடுப்பீங்களா? வீட்டுல நாங்க என்ன செய்யணும்?”
– ஒன்பதாம் வகுப்பு மாணவியின் தாய், கோத்தகிரி

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

தடுக்கப் போவதில்லை. ஆனால் பிள்ளை தன் கையால் ஒரு முறை முயன்று பார்த்த பிறகுதான் ஏஐயிடம் போகலாம். அந்த முதல் முயற்சி, சரியோ தப்போ, அழிக்கப்படாமல் நோட்டில் இருக்க வேண்டும். இந்த வருட ஏற்பாடு முழுவதும் இந்த ஒன்றைச் சுற்றித்தான் அமைந்திருக்கிறது. கேட்டது ஒரு வீடு என்றாலும், வகுப்பில் உள்ள 34 வீடுகளுக்கும் இது பொருந்தும் என்பதால் எல்லாருக்கும் அனுப்புகிறேன்.

ஏன் முதல் முயற்சியை இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்பதை ஒரு கணக்கை வைத்துச் சொல்கிறேன். கோத்தகிரிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் 30 கிலோமீட்டர் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். பஸ் மலையேறும்போது மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்திலும், இறங்கும்போது 30 கிலோமீட்டர் வேகத்திலும் போகிறது. போய்வரும் முழுப் பயணத்துக்கும் சராசரி வேகம் என்ன?

பெரும்பாலான பிள்ளைகள் 20-ஐயும் 30-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து 25 என்று எழுதுவார்கள். அது தப்பு. ஏற ஒன்றரை மணி நேரம், இறங்க ஒரு மணி நேரம், ஆக மொத்தம் இரண்டரை மணி நேரத்தில் 60 கிலோமீட்டர். சராசரி 24. பஸ் மெதுவாகப் போன நேரம்தான் அதிகம், அதனால் சராசரியும் மெதுவான பக்கமே சாய்கிறது.

ஆசிரியருக்கு இந்த 25 மிகவும் தேவையான ஒன்று. ‘சராசரி என்றால் கூட்டிப் பாதியாக்குவது’ என்று பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கிறது, நேரத்தை எண்ணிப் பார்க்கவே இல்லை என்று அந்த ஒரு எண் சொல்லிவிடுகிறது. 34 நோட்டில் 20 நோட்டில் 25 இருந்தால், மறுநாள் புதுப் பாடத்துக்குப் போகாமல் நேரம், தூரம் இரண்டையும் கரும்பலகையில் பிரித்துப் போட்டு மறுபடி தொடங்குவோம். அதே 34 நோட்டிலும் 24 என்று அழகாக எழுதியிருந்தால் சிவப்பு மையில் டிக் போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். தப்பு பிள்ளையின் மனதிலேயே தங்கிவிடும். அது காலாண்டுத் தேர்வில்தான் வெளியே வரும். அதற்குள் அந்தப் பாடத்தின் மேல் இன்னும் மூன்று பாடங்கள் ஏறியிருக்கும்.

இந்தக் கணக்கை ஏஐ பெரும்பாலும் சரியாகவே போட்டுவிடும். விடை தப்பாக வந்தால்கூட நாங்கள் கண்டுபிடித்துவிடுவோம். சரியான விடை வந்து பிள்ளையின் தப்பை மூடிவிடுவதுதான் எங்களுக்குக் கண்ணில் படாமல் போகிறது.

இனி நோட்டு. கணக்கு, அறிவியல், தமிழ் மூன்றுக்கும் இந்த வருடம் ஒரே முறை. வலது பக்கம் பிள்ளையின் முதல் முயற்சி, நீல மையில். ஒரு கேள்விக்குக் குறைந்தது பத்து நிமிடம், போன் இல்லாமல், பாடப்புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு முயல வேண்டும். தெரியாவிட்டால் எந்த வரி வரை புரிந்தது, எங்கே நின்றுவிட்டது என்று எழுதினால் போதும்; அதற்கும் முழு வீட்டுப்பாட மதிப்பு உண்டு. தப்பு என்று பிறகு தெரிந்தால் மேலே ஒரே ஒரு கோடு போட வேண்டும். ஒயிட்னர் வேண்டாம், தாளைக் கிழிக்க வேண்டாம். இடது பக்கம் காலியாக இருக்கும். திருத்தமும், ஏஐயிடம் கேட்டிருந்தால் அந்த விவரமும் அங்கே, பென்சிலில்.

எல்லா வீட்டுப்பாடமும் ஒன்றல்ல. அதனால் வகுப்பில் எழுதிப்போடும்போதே பக்கத்தில் ஓர் எழுத்து இருக்கும். ‘வே’ என்றால் வேண்டாம்: போனைத் தொடாமல் செய்ய வேண்டியது. மனப்பாடச் செய்யுள், வாய்பாடு, படம் வரைதல், முதல் கட்டுரை வரைவு எல்லாம் இதில் வரும். வாரத்தில் பெரும்பாலான வேலை ‘வே’தான். ‘பி’ என்றால் பிறகு: தானே முயன்றபின் ஏஐயிடம் கேட்கலாம், கேட்டே ஆக வேண்டும் என்பதில்லை. ‘சே’ என்றால் சேர்ந்து: ஏஐ கொடுத்த பதிலையே எடுத்து வைத்துக்கொண்டு அதில் உள்ள தப்பைத் தேடும் பயிற்சி. ‘சே’ மட்டும் வீட்டுக்கு வராது, பள்ளிக் கணினி அறையில் ஆசிரியர் முன்னால்தான் நடக்கும். அதனால் வீட்டில் போன் இல்லாத பிள்ளைக்கோ, அப்பா தேயிலை ஃபேக்டரியில் இருந்து வந்த பிறகுதான் போன் கைக்கு வரும் என்ற பிள்ளைக்கோ ஒரு மதிப்பெண்கூடக் குறையாது. ஏஐ இருந்தால்தான் முடிக்க முடியும் என்ற வீட்டுப்பாடத்தை எந்த ஆசிரியரும் தர மாட்டார். அப்படி ஒன்று வந்ததாகப் பட்டால் டைரியில் எழுதி அனுப்புங்கள்.

எப்படிக் கேட்கிறது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. கணக்கைப் போட்டோ எடுத்து அனுப்பினால் முழு விடையும் வரும், பிள்ளை அதைப் பார்த்து எழுதும், அவ்வளவுதான். அதையே தட்டச்சு செய்து இப்படிக் கேட்கலாம்:

```
நான் ஒன்பதாம் வகுப்பு. சராசரி வேகக் கணக்கு.
ஏற மணிக்கு 20 கி.மீ., இறங்க 30 கி.மீ., ஒரு வழித் தூரம் 30 கி.மீ.
நான் (20 + 30) / 2 = 25 என்று போட்டேன்.
விடையைச் சொல்லாதே. என் வழியில் எங்கே தப்பு
என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு கேள்வி என்னிடம் கேள்.
```

இதற்கு ‘ஏற எத்தனை மணி நேரம் ஆகும்?’ என்கிற மாதிரி ஒரு கேள்வி வரும். அங்கிருந்து பிள்ளை தானே போட்டுவிடும். சில சமயம் ‘விடையைச் சொல்லாதே’ என்றாலும் விடையோடேயே பதில் வந்துவிடுவது உண்டு. அப்படி வந்தால் பிள்ளை மேல் தப்பில்லை. இடது பக்கத்தில் ‘விடையும் வந்துவிட்டது’ என்று எழுதிவிட்டு, 20-க்குப் பதில் 15 என்று எண்ணை மாற்றி, அதே கணக்கைப் போனை மூடி வைத்துவிட்டு இன்னொரு முறை போட வேண்டும். இந்த முறை 20 என்று விடை வர வேண்டும்: ஏற இரண்டு மணி, இறங்க ஒரு மணி, மூன்று மணியில் 60 கிலோமீட்டர்.

போட்டோ எடுத்து எழுதியதை நோட்டிலேயே கண்டுகொள்ள ஒரு வழி சொல்கிறேன், வீட்டிலும் பயன்படும். ஏஐயிடமிருந்து எழுதிய கணக்கில் பல நேரம் 2xy/(x+y) என்ற சூத்திரம் வந்து நிற்கும். 2 × 20 × 30-ஐ 50-ஆல் வகுத்தால் 24, விடை சரிதான். ஆனால் வகுப்பில் இந்தக் கணக்கை அந்தச் சூத்திரத்தால் நாங்கள் போடுவதில்லை. மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுக்கச் சொல்கிறோம். வகுப்பில் இல்லாத வழி நோட்டில் இருந்தால், ‘இந்த x எங்கிருந்து வந்தது?’ என்று கேளுங்கள். அண்ணனோ ட்யூஷன் சாரோ சொல்லிக்கொடுத்ததாக இருக்கலாம், அப்படியானால் பிள்ளை விளக்கிவிடும். விளக்க முடியாமல் நின்றால் விஷயம் தெரிந்துவிட்டது.

இடது பக்கக் குறிப்பு நான்கே வரிதான். எதில் கேட்டது, என்ன கேட்டது, எது உதவியது, எதை எங்கே சரிபார்த்தது. உதாரணத்துக்கு: ‘சாட்ஜிபிடி, அம்மா போன். என் 25 ஏன் தப்பு என்று கேட்டேன். ஏறும் நேரம் வேறு, இறங்கும் நேரம் வேறு என்று புரிந்தது. புத்தகத்தில் சராசரி வேக வரையறையைப் பார்த்தேன், சரி.’ இவ்வளவு போதும். இந்தக் குறிப்பு இருந்தால் ஏஐ பயன்படுத்தியதற்காக எந்தப் பிள்ளையும் திட்டு வாங்காது. குறிப்பு இல்லாமல் பயன்படுத்துவதுதான் இந்த வருடம் தவறு என்று கொள்ளப்படும். இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளிடமும் முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டோம்.

தமிழ்க் கட்டுரையில் சிக்கல் வேறு மாதிரி. கணக்கில் ஏஐ பெரும்பாலும் சரியாகச் சொல்லும் என்றேன். நம் ஊர்ச் செய்திகளில் அதை அப்படி நம்பக் கூடாது. ஏஐ ஒரு புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டுப் பதில் சொல்வதில்லை. படித்த ஏராளமான எழுத்திலிருந்து, அடுத்து எந்தச் சொல் வந்தால் பொருந்தும் என்று கணித்துக் கோத்துக்கொண்டே போகிறது. இணையத்தில் தேடிவிட்டுச் சொல்லும்போதுகூட, இரண்டு பக்கத்தில் உள்ளதை ஒரே வாக்கியத்தில் கலந்துவிட வாய்ப்பிருக்கிறது. உலகம் முழுக்க எழுதப்பட்ட விஷயம் என்றால் இந்தக் கணிப்பு நன்றாகவே வேலை செய்யும். நம் மலையைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது குறைவு. குறைவாக உள்ள இடத்தில் பக்கத்துச் செய்தி வந்து ஒட்டிக்கொள்ளும்.

முதல் பருவத்தில் ‘நீலகிரி மலை ரயில்’ என்ற தலைப்பில் கட்டுரை இருக்கிறது. அதில் எது எதோடு கலக்கும் என்று பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ரயில் ஓடத் தொடங்கியது 1899. உதகை வரை பாதை முடிந்தது 1908. ஆக, ‘ரயில் எப்போது வந்தது’ என்றால் இரண்டு விடை, இரண்டும் சரி, எந்த ஊருக்கு என்று சொன்னால். யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக நம் ரயில் சேர்ந்தது 2005. ஆனால் அதே பட்டியலில் டார்ஜிலிங் மலை ரயில் 1999-லேயே சேர்ந்துவிட்டது. நம் ரயிலும், பிறகு 2008-ல் கல்கா–சிம்லா ரயிலும் அதனோடு இணைக்கப்பட்டு, மூன்றும் ‘இந்திய மலை ரயில்கள்’ என்ற ஒரே பெயரில் இருக்கின்றன. எனவே ‘1999-ல் நீலகிரி ரயில் உலகப் பாரம்பரியச் சின்னமானது’ என்று ஒரு வாக்கியம் வந்தால் படிக்கச் சரியாகவே இருக்கும், பட்டியலின் ஆண்டும் உண்மையானது, நம் ரயிலுக்கு மட்டும் அது பொருந்தாது. 1899-ம் 1999-ம் பார்வைக்கும் ஒன்றுபோல இருப்பதால் பிள்ளை திரும்பப் படித்தாலும் கண்ணில் படாது.

இன்னொன்று பற்சட்டம். செங்குத்தான ஏற்றத்தில் எஞ்சினின் பல்சக்கரம் தண்டவாளத்தின் நடுவில் உள்ள பற்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. இது கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் மட்டும்தான். ‘முழுப் பாதையிலும் பற்சட்டம் உள்ளது’ என்று எழுதியிருந்தால் அது தப்பு என்று குன்னூர் ஸ்டேஷனில் நின்று உதகை பக்கம் போகும் தண்டவாளத்தைப் பார்த்தாலே தெரியும். நம் பிள்ளைகளுக்கு இது ஒரு பெரிய வசதி. வேறு ஊர்ப் பிள்ளை இணையத்தில்தான் தேட வேண்டும், நம் பிள்ளை பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், தாத்தாவைக் கேட்கலாம்.

அதனால் கட்டுரைக்கு முறை இது. முதல் வரைவு வகுப்பிலேயே, ஒரு பாட வேளையில், கையால். வீட்டுக்குப் போனபின் ‘பி’. ஏஐயிடம் கட்டுரையை எழுதித் தரச் சொல்லக் கூடாது; தான் எழுதியதைக் கொடுத்து, எந்தப் பத்தி புரியவில்லை, எந்தச் செய்தி விடுபட்டிருக்கிறது என்று கேட்கலாம். அது தரும் ஆண்டு, எண், ஊர்ப்பெயர் ஒவ்வொன்றின் கீழும் பென்சிலில் கோடு போட்டு, அதில் குறைந்தது இரண்டை ஏஐ அல்லாத வேறு இடத்தில் பார்த்து உறுதி செய்ய வேண்டும். பாடப்புத்தகம், பள்ளி நூலகம், பாடநூலில் உள்ள கியூஆர் குறியீடு, விவரம் தெரிந்த பெரியவர், ஸ்டேஷன் பலகை, எது வேண்டுமானாலும் சரி. இன்னொரு ஏஐயிடம் கேட்டுச் சரிபார்ப்பது கணக்கில் வராது, இரண்டும் ஒரே மாதிரி எழுத்தைப் படித்து வளர்ந்தவை என்பதால் ஒரே தப்பையே சொல்லக்கூடும்.

படுகு பேசும் வீடுகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஊர் வழக்கம், ஹெத்தை அம்மன் பண்டிகை, பழமொழி இவை பற்றிய வேலையெல்லாம் ‘வே’யாகவே இருக்கும். படுகு மொழியில் எழுத்தில் இருப்பது மிகவும் குறைவு. ஏஐயிடம் படுகுப் பழமொழி கேட்டால், கன்னடத்தையோ தமிழையோ கொஞ்சம் வளைத்து ஏதாவது ஒன்றைத் தயக்கமே இல்லாமல் தந்துவிடும் ஆபத்து இருக்கிறது. பாட்டி பக்கத்தில் இருக்கும்போது அதை நம்பி நோட்டில் எழுதிவிடக் கூடாது. பாட்டி சொன்னதை அவர் சொன்னபடியே எழுதி, அடியில் அவர் பெயரும் ஊரும் போடச் சொல்லியிருக்கிறோம்.

இனி, பிள்ளை தானாகச் செய்ததா என்று எப்படிப் பார்ப்பீர்கள் என்று சிலர் போனில் கேட்டீர்கள். ஏஐ எழுதியதைக் கண்டுபிடிக்கும் என்று சொல்லி விற்கும் மென்பொருளைப் பள்ளி பயன்படுத்தாது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படி ஒன்றை வெளியிட்டது. அவர்கள் சோதனையிலேயே, ஏஐ எழுதிய ஆங்கில எழுத்தில் 26 விழுக்காட்டைத்தான் அது ‘ஏஐயாக இருக்கலாம்’ என்று பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 விழுக்காட்டை ஏஐ எழுதியது என்று தவறாகச் சொன்னது. துல்லியம் போதவில்லை என்று அதே வருடம் ஜூலையில் எடுத்துவிட்டார்கள். 9 விழுக்காடு என்பது நம் வகுப்பில் மூன்று பிள்ளைகள். தானே உட்கார்ந்து எழுதிய மூன்று பிள்ளைகளைக் கூப்பிட்டு ‘நீ எழுதவில்லை’ என்று சொல்வதை எங்களால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. 2023-லேயே ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காக எழுதிய கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேல் ஏஐ எழுதியது என்று அவை முத்திரை குத்தின. எளிய சொற்களில், பழகிய வாக்கியங்களில் எழுதினால் அந்தக் கருவிகளுக்கு அது இயந்திரம் போலத் தெரிகிறது. நம் பிள்ளைகளின் ஆங்கிலம் அப்படித்தான் இருக்கும்.

அதற்குப் பதில் நாங்கள் பேசிப் பார்ப்போம். தினம் ஐந்து பிள்ளைகள், ஆளுக்கு இரண்டு நிமிடம், நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு. ஒரு வாரத்தையும் இரண்டு மூன்று நாளையும் சேர்த்தால் வகுப்பு முழுக்க ஒரு சுற்று முடியும். கேள்வி கடினமாக இருக்காது. பஸ் கணக்கில், ‘கோத்தகிரியில் அரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பினால், அந்த நேரத்தையும் சேர்த்துச் சராசரி என்ன ஆகும்?’ என்று கேட்போம். இரண்டரை மணி மூன்று மணியாகும், 60-ஐ 3-ஆல் வகுத்தால் 20. நேரத்தை எண்ணிக் கணக்குப் போட்ட பிள்ளைக்கு இது பத்து வினாடி வேலை. சூத்திரத்தைப் பார்த்து எழுதிய பிள்ளைக்கு அரை மணியை அந்தச் சூத்திரத்தில் எங்கே வைப்பது என்று தெரியாது. கட்டுரையில் என்றால் ஒரு வரியைக் காட்டி, ‘இதை வேறு மாதிரிச் சொல்லு’ என்போம்.

சொல்ல முடியாவிட்டால் தண்டனை இல்லை. கூச்சப்படும் பிள்ளை தெரிந்ததையும் சொல்லாமல் நிற்கும் என்பது எங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்டவர்கள் பேசாமல் தாளில் எழுதிக் காட்டலாம். அப்படியும் முடியாதவர்கள் அன்றைக்கே கடைசிப் பாட வேளையில் அதே வேலையை வேறு எண்களோடு வகுப்பில் உட்கார்ந்து செய்ய வேண்டும், நோட்டில் அந்த மதிப்பெண்தான் ஏறும். ஒரே பருவத்தில் மூன்று முறை இப்படி ஆனால் உங்களைக் கூப்பிட்டுப் பேசுவோம், அதுவும் பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டுதான்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டாம், பாடம் தெரிந்திருக்கவும் வேண்டாம். நோட்டை மூடச் சொல்லிவிட்டு, ‘இன்னைக்கு என்ன கணக்கு போட்ட, எனக்குச் சொல்லு’ என்று கேளுங்கள். தமிழிலோ படுகிலோ மலையாளத்திலோ, வீட்டில் பேசுகிற மொழியில் சொல்லட்டும். ‘அப்புறம் ஏன் அப்படி?’ என்று இரண்டு முறை கேட்டால் போதும். படிக்காத பாட்டியால்கூட இதைச் செய்ய முடியும், ஏனென்றால் பிள்ளை தடுமாறுகிறதா இல்லையா என்பது காதுக்குத் தெரிந்துவிடும்.

போன் விஷயத்தில் சிலது. பல வீடுகளில் ‘எங்க போன்ல அந்த ஆப் எல்லாம் இல்லையே’ என்கிறீர்கள். தனி ஆப் தேவையில்லை. வாட்ஸ்அப்பிலேயே வண்ண வளையம் ஒன்று இருக்கும், அதைத் தொட்டால் `Meta AI` என்ற பெயரில் உரையாடல் திறக்கும். கூகுள் தேடல் பெட்டியில் உள்ள கேமரா படத்தைத் தொட்டுக் கணக்கைக் காட்டினாலும் விடை வரும். இவை இருப்பது குற்றமில்லை, இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். உரையாடலை அழிக்க வேண்டாம் என்று பிள்ளையிடம் சொல்லி வையுங்கள். சாட்ஜிபிடியில் `Temporary Chat` என்று ஒன்று உண்டு, அதில் பேசினால் பழைய உரையாடல் பட்டியலில் நிற்காது. வீட்டுப்பாடத்துக்கு அது வேண்டாம். ஒளிந்து பார்ப்பதற்காக இதைச் சொல்லவில்லை. இடது பக்கக் குறிப்பு எழுதும்போது பிள்ளைக்கே பழைய உரையாடல் தேவைப்படும்.

சாட்ஜிபிடி விதிமுறைப்படி 13 வயது ஆகியிருக்க வேண்டும், 18 வயதுக்குள் என்றால் பெற்றோர் அனுமதி வேண்டும். இந்தியாவில் 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குட்பட்ட எல்லாரையும் குழந்தை என்றே கொண்டு, அவர்கள் விவரத்தைக் கையாளப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. அதனால் உங்களுக்குத் தெரியாமல் பிள்ளை தனிக் கணக்குத் தொடங்க வேண்டாம், உங்கள் போனில் உங்கள் கணக்கில் பார்க்கட்டும். சாட்ஜிபிடி அமைப்புகளில் `Data controls` என்பதற்குள் `Improve the model for everyone` என்று ஒரு பொத்தான் இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். போட்டோ அனுப்பும்போது நோட்டின் அட்டை, பிள்ளையின் பெயர், எமிஸ் எண், பள்ளிப் பெயர், முகம் எதுவும் விழக் கூடாது. சாதிச் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு இவற்றைப் ‘படித்துச் சொல்’ என்று ஏஐயிடம் காட்டுவது சில வீடுகளில் நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அப்படி ஏதாவது படிவம் புரியவில்லை என்றால் பள்ளிக்குக் கொண்டுவாருங்கள், நாங்கள் படித்துச் சொல்கிறோம்.

அளவைப் பற்றி. மத்திய அரசின் 2020 பள்ளிப் பை கொள்கை ஒன்பதாம் வகுப்புக்கு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வீட்டுப்பாடம் கூடாது என்கிறது. எல்லாப் பாடமும் சேர்த்து ஒன்றேகால் மணி நேரத்துக்குள் நிற்கும்படி ஆசிரியர்கள் பேசி வைத்திருக்கிறோம். அரவேணு, சோலூர்மட்டம் பக்கமிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளைகள் வீடு சேரவே ஐந்தரை ஆகிவிடுகிறது. ஒன்றேகால் மணி கடந்தும் முடியவில்லை என்றால் அந்த இடத்தில் கோடு போட்டு, நேரத்தை எழுதி, நீங்கள் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். வேலை முடியவில்லையே என்ற பதற்றத்தில்தான் ஒன்பது மணிக்கு மேல் பிள்ளை போனை எடுத்துப் போட்டோ அனுப்புகிறது. அந்தப் பதற்றம் எங்களால் வரக் கூடாது.

மழை விடுமுறை நாளில் வாட்ஸ்அப் குழுவில் வேலை வராது. அக்டோபர், நவம்பரில் கரண்டும் சிக்னலும் போய்ப் போய் வரும்போது சில பிள்ளைகளுக்கு மட்டும் வேலை கிடைப்பது சரியில்லை. முந்தைய நாள் கொடுத்த வேலை மட்டும், பள்ளி திறந்த இரண்டாம் நாள் கொண்டுவந்தால் போதும்.

இந்தக் கடிதத்தின் அடியில் உள்ள சீட்டைக் கிழித்து வரும் வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். அதில் மூன்றே கேள்வி: பிள்ளை ஏஐ பயன்படுத்த உங்களுக்குச் சம்மதமா, யார் போனில், மாலையில் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை. ‘சம்மதமில்லை’ என்று எழுதினாலும் சரி, அந்தப் பிள்ளைக்கு ‘பி’ வேலையும் ‘வே’யாகவே கருதப்படும். வீட்டில் போன் வசதி இல்லாதவர்கள் எதுவும் நிரப்ப வேண்டாம், பிள்ளையின் பெயர் மட்டும் போதும். செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் பள்ளி விட்டபின் நாலரை மணி வரை கணினி அறை திறந்திருக்கும், ஆசிரியர் ஒருவர் கூட இருப்பார். கீழ்கோத்தகிரி பக்கம் போகும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்களை நாலேகாலுக்கே அனுப்பிவிடுவோம்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர்,
கோத்தகிரி